சிம்மில் இருப்பது எந்த நம்பர்? மறந்துபோனால் கண்டுபிடிப்பது இப்படித்தான்

மகளிர் உரிமைத் தொகை, ரேஷன் கார்டு, கேஸ் புக்கிங், ஆதார் என்று எங்கே போய் நின்றாலும் முதல் கேள்வி "நம்பரைச் சொல்லுங்க" என்பதுதான். நம் ஊர்ப் பக்கம் பல வீடுகளில் மகனோ மருமகனோ சிம் வாங்கிப் போட்டுக் கொடுத்துவிட்டு சென்னைக்கோ துபாய்க்கோ போய்விடுகிறார்கள். அம்மாவோ ஆச்சியோ அந்தப் போனில் வருகிற அழைப்பை எடுப்பார்கள், அவ்வளவுதான். தன் நம்பரைத் தானே கூப்பிடப் போவதில்லை என்பதால் அது மனதில் நிற்பதும் இல்லை. மேசைக்குள் கிடந்த பழைய சிம்மை எடுத்துப் போட்டவர்களுக்கும் இதே பாடுதான். இரண்டு பேருக்குமே இது உதவும். ஸ்மார்ட்போனோ பட்டன் போனோ, எதுவானாலும் சரி.

செட்டிங்ஸுக்குள் போவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், அதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள். உங்கள் பத்து இலக்க நம்பர் உண்மையில் சிம்முக்குள் குடியிருக்கவில்லை. சிம்முக்குள் இருப்பது 404 அல்லது 405 என்று தொடங்குகிற 15 இலக்க அடையாள எண் ஒன்று, நாம் அதை என்றைக்கும் பார்ப்பதில்லை. டவரோடு பேசும்போது போன் அதைத்தான் காட்டுகிறது, "இந்த அடையாளத்துக்கு இன்ன நம்பர்" என்ற கணக்கு கம்பெனியின் பதிவேட்டில் இருக்கிறது. ரேஷன் கடையில் கார்டைக் காட்டியதும் நம் விவரம் அவர்கள் கணினியில் இருந்து வருகிறதே, அதே மாதிரி. சிம் தொலைந்தால் புது சிம்மில் பழைய நம்பரே கிடைப்பதும், கம்பெனி மாறினாலும் நம்பர் மாறாமல் இருப்பதும் இதனால்தான்.

சிம்மில் "சொந்த எண்" என்று ஒரு சின்ன இடமும் உண்டு. கம்பெனி விரும்பினால் அதில் நம்பரை எழுதிக் கொடுக்கும், இல்லாவிட்டால் காலியாக விட்டுவிடும். செட்டிங்ஸில் போன் நமக்குக் காட்டுவது பெரும்பாலும் இந்த இடத்தில் எழுதியிருப்பதைத்தான். ஆகவே செட்டிங்ஸ் சொல்வதை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், உறுதியான பதில் வேண்டுமென்றால் கம்பெனியின் நெட்வொர்க்கைத்தான் கேட்க வேண்டும்.

நெட்வொர்க்கைக் கேட்பதில் எல்லாவற்றையும்விட எளிது மிஸ்டு கால். பக்கத்தில் இருப்பவர் போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், அந்தத் திரையில் +91 போட்டு பத்து இலக்கம் வரும், அதுதான் உங்கள் நம்பர். அந்தப் போனில் உங்கள் நம்பரை ஏற்கெனவே பெயரோடு சேமித்திருந்தால் "அம்மா" என்றோ "சித்தி பழைய நம்பர்" என்றோ பெயர்தான் தெரியும். அழைப்புப் பட்டியலில் அந்தப் பெயரைத் தொட்டு விவரத்துக்குள் போனால் நம்பர் கிடைக்கும். ஒரே பெயரில் இரண்டு மூன்று நம்பர் சேமித்து வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு, அதனால் இப்போது வந்த அழைப்பு எந்த நம்பரிலிருந்து என்று அழைப்பு விவரத்தில் பாருங்கள், காண்டாக்டில் முதலில் தெரிகிற நம்பரை அப்படியே எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள்.

பக்கத்தில் யாரும் இல்லை, அல்லது ரீசார்ஜ் முடிந்து அழைப்பே போகவில்லை என்றால் அடுத்தது டயல் கோடு. நம்பர் அழுத்திப் பேசுகிற அதே இடத்தைத் திறந்து, உங்கள் கம்பெனிக்குரிய கோடை ஸ்டாரில் தொடங்கி ஹேஷ் வரைக்கும் அப்படியே அடித்து, பச்சை பட்டனை அழுத்துங்கள்.

ஏர்டெல்:
```
*282#
```
ஜியோ:
```
*1#
```
வி:
```
*199#
```
பி.எஸ்.என்.எல்.:
```
*222#
```

எந்தக் கம்பெனி என்றே தெரியவில்லையா? திரையின் மேல் ஓரத்திலோ, அறிவிப்புப் பட்டையைக் கீழே இழுத்தாலோ கம்பெனி பெயர் தெரியும். அதை நம்புங்கள். "இந்த நம்பர் இன்ன கம்பெனியோடது" என்று முதல் நான்கு இலக்கத்தை வைத்துச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடலாம், கம்பெனி மாற்றிக்கொள்ளும் வசதி வந்தபிறகு அந்தக் கணக்குச் சரிப்பட்டு வராது. பச்சை பட்டனை அழுத்தியதும் சில நொடிகளில் ஒரு சின்னக் கட்டம் வரும். சிலதில் நம்பர் நேராகவே இருக்கும், சிலதில் 1, 2 என்று பட்டியல் வந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், சில நேரம் பதில் மெசேஜாக வரும். கட்டத்தில் ஓகே அழுத்தினால் அது போய்விடும், திரும்ப எங்கும் தேடி எடுக்க முடியாது, ஆகவே அழுத்துவதற்கு முன்பே பேனாவை எடுங்கள்.

இந்த இடத்தில் நிறையப் பேர் பார்ப்பது `Connection problem or invalid MMI code` என்ற வரி. சிம் கெட்டுவிட்டது என்று அர்த்தம் இல்லை. இரண்டு சிம் போட்ட போனில் இதற்கு முதல் காரணம், ஒரு கம்பெனியின் கோடு இன்னொரு கம்பெனியின் சிம் வழியாகப் போயிருப்பது. எப்போதும் அழைப்பதற்கென்று ஒரு சிம்மைத் தேர்ந்து வைத்திருந்தால் போன் நம்மைக் கேட்காமலே அதில் அனுப்பிவிடும். சிம் செட்டிங்ஸில் அழைப்புக்கான சிம்மை "ஒவ்வொரு முறையும் கேள்" என்று மாற்றுங்கள், அல்லது மற்ற சிம்மைக் கொஞ்ச நேரம் அணைத்து வையுங்கள். அடுத்த காரணம் சிக்னல். மலையடிவாரத்து ஊர்களில் ஒரு கோடுதான் எரியும், அது போய்ப்போய் வரும், வீட்டுக்குள் இருந்து அடிக்காமல் திண்ணைக்கு வந்து அடித்துப் பாருங்கள். டயல் கோடுகளைக் கம்பெனிகள் அவ்வப்போது மாற்றுவதும் உண்டு. எதுவும் நடக்கவில்லை என்றால் அதே சிம்மிலிருந்து 198-ஐக் கூப்பிடுங்கள், எல்லாக் கம்பெனிக்கும் புகாருக்கான பொது எண் அது. பேசுகிறவர் திரையில் நீங்கள் எந்த நம்பரிலிருந்து அழைக்கிறீர்கள் என்பது தெரியும். சிம் யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் சொல்வார்கள், அந்தப் பெயரைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஜியோவில் இன்னொரு வழியும் இருக்கிறது: 1299-ஐக் கூப்பிட்டால் அழைப்பு தானே துண்டாகி, கணக்கு விவரம் மெசேஜாக வரும்.

இப்போது செட்டிங்ஸ். ஆண்ட்ராய்டில் `Settings` திறந்து கடைசிவரை இறங்கினால் `About phone` இருக்கும். சாம்சங்கில் அதைத் தொட்டதுமே மேலே நம்பர் தெரியும். வேறு சிலவற்றில் `SIM status` என்பதற்குள் சிம் 1, சிம் 2 என்று தனித்தனியாக இருக்கும், சில மாடலில் அதற்கும் முன்னால் `Status` என்று ஒரு படி உண்டு. தேடி அலைய வேண்டாம், செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் கட்டத்தில் `phone number` என்று அடித்தால் நேராகக் கொண்டுபோய் விடும். ஐபோனில் `Settings` போய் `Phone` என்பதற்குள் `My Number`. ஐஓஎஸ் 18-இலிருந்து அந்த `Phone` என்பது `Apps` என்ற பட்டியலுக்குள் போய்விட்டது.

அங்கே `Unknown` என்று இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, கம்பெனி அந்தச் சின்ன இடத்தைக் காலியாக விட்டிருக்கிறது, அவ்வளவுதான். நம்பர் ஒன்று தெரிந்தால்தான் கவனம் வேண்டும். ஐபோனில் `My Number` என்பதை யார் வேண்டுமானாலும் தொட்டு மாற்றி எழுதலாம், எழுதினால் அது அப்படியே காட்டும், உண்மையான நம்பர் என்னவோ பழையதுதான். வாட்ஸ்அப்பைத் திறந்து பெயருக்குக் கீழே இருக்கிற நம்பரைப் பார்த்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அது வாட்ஸ்அப்பைப் பதிவு செய்தபோது கொடுத்த நம்பர். அந்த சிம்மைக் கழற்றி வேறொன்றைப் போட்டபிறகும் வாட்ஸ்அப் பழைய நம்பரிலேயே ஓடிக்கொண்டிருக்கக்கூடும். மகன் தன் நம்பரில் பதிவு செய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தால் அம்மா போனில் தெரிவது மகன் நம்பர்தான்.

முக்கூடலில் பீடி சுற்றுகிற என் சித்தி வீட்டில் பார்த்ததைச் சொன்னால் இது எல்லாம் சேர்ந்து புரியும். ரேஷன் கார்டில் நம்பரைச் சரிபார்க்க வேண்டும் என்று இ-சேவை மையத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சித்தி போனை என் கையில் கொடுத்து, "ரெண்டு சிம்மு கெடக்குன்னு தம்பி சொன்னான், எது என் நம்பருன்னு எனக்கு எப்படித் தெரியும், நீயே பாத்துச் சொல்லு" என்றாள். மடியில் தட்டு, கை பாட்டுக்கு இலையை வெட்டிக்கொண்டிருக்கிறது. ஆண்ட்ராய்டு போன். மேலே இழுத்துப் பார்த்தால் முதல் சிம் ஏர்டெல், இரண்டாவது பி.எஸ்.என்.எல்.

முதலில் செட்டிங்ஸைப் பார்த்தேன். சிம் 1-இல் `Unknown`, சிம் 2-இல் ஒரு பத்து இலக்கம். அந்த இரண்டாவதை எழுதிக்கொண்டு கிளம்பியிருக்கலாம், ஆனால் இரண்டில் எது கார்டில் இருக்கிறது என்று தெரியாதபோது ஒன்றை மட்டும் கொண்டுபோய் என்ன செய்ய? ஏர்டெல்லுக்கு `*282#` அடித்தோம், வந்தது அதே `invalid MMI code`. காரணம் மேலே சொன்னதுதான், அழைப்பு எல்லாம் சிம் 2 வழியாகப் போகும்படி வைத்திருந்தது. "ஒவ்வொரு முறையும் கேள்" என்று மாற்றிவிட்டு மறுபடி அடித்ததும் எந்த சிம் என்று கேட்டது, ஏர்டெல்லைத் தொட்டதும் கட்டத்தில் நம்பர் வந்தது.

சிம் 2-இலிருந்து என் போனுக்கு மிஸ்டு கால் கொடுக்கப் பார்த்தோம், ரீசார்ஜ் முடிந்திருந்ததால் அழைப்பு போகவில்லை. `*222#` அடித்தபோது நம்பர் வந்தது. ரீசார்ஜ் முடிந்த சிம்மிலும் இந்தக் கோடுகள் பெரும்பாலும் வேலை செய்யும், இவற்றுக்குப் பேச்சுக் கட்டணம் கிடையாது. செட்டிங்ஸில் பார்த்த பத்து இலக்கமும் இதுவும் ஒன்றாகவே இருந்தன. அதோடு விடாமல் அந்த இரண்டு நம்பருக்கும் என் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு சிம் போட்ட போனில் அழைப்பு வரும்போது எந்த சிம்முக்கு வருகிறது என்று பெயருக்குப் பக்கத்தில் 1 அல்லது 2 என்று சின்னதாகத் தெரியும். முதல் நம்பருக்கு 1 என்று காட்டி மணி அடித்தது. இரண்டாவது நம்பருக்கும் 2 என்று காட்டி அடித்தது, ரீசார்ஜ் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்ததால் வரும் அழைப்பை இன்னும் நிறுத்தவில்லை. திருப்பிக் கூப்பிட்டுப் பார்க்கிற இந்த ஒரு படியைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எழுதும்போது 6-ஐ 9-ஆக்கியிருந்தாலும் இங்கேயே பிடிபட்டுவிடும், வங்கிப் படிவத்தில் போட்டபிறகு பிடிபட்டால் அலைச்சல்.

கார்டில் இருப்பது இவற்றில் எது என்பதற்கு, தமிழ்நாடு பொது விநியோகத் திட்டத்தின் tnpds.gov.in தளத்தில் பயனாளர் நுழைவுக்குப் போய் ஒவ்வொரு நம்பராகக் கொடுத்துப் பார்த்தோம். பதிவாகியிருக்கிற நம்பருக்குத்தான் ஓடிபி வரும். வந்தது பி.எஸ்.என்.எல். சிம்முக்கு, அதாவது ரீசார்ஜ் இல்லாமல் கிடந்ததற்கு. சித்தி அன்றைக்கே அதற்கு ரீசார்ஜ் போடச் சொல்லிவிட்டாள்.

ரீசார்ஜ் இல்லாமல் ரொம்ப நாள் கிடந்த சிம் என்றால் நிலைமை வேறு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2013-ஆம் ஆண்டு விதிப்படி ப்ரீபெய்டு சிம்மை 90 நாட்கள் எந்த வகையிலும் பயன்படுத்தாமல் விட்டால் கம்பெனி அதைத் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள் வைத்திருக்க வேண்டும். துண்டித்தபிறகு அந்த நம்பரை உடனே வேறு ஒருவருக்குக் கொடுக்கக்கூடாது, குறைந்தது 90 நாளாவது கழிய வேண்டும். உங்கள் சிம் இந்த நிலையில் இருக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ள, அதைக் கழற்றி நன்றாக வேலை செய்கிற வேறொரு போனில் போடுங்கள். அங்கேயும் கம்பெனி பெயர் வராமல் `No service` என்றோ `Emergency calls only` என்றோ மட்டும் நின்றால் எந்தக் கோடை அடித்தாலும் பதில் வராது, ஏனென்றால் கேட்பதற்கு நெட்வொர்க்கே இல்லை. வேறு கம்பெனிக்கு மாற்றிய நம்பரின் பழைய சிம்மும் இப்படித்தான் நிற்கும்.

அப்போது இரண்டு வழி. ஒன்று, பழைய போனின் மெசேஜ் பெட்டியில் `recharge` என்று தேடிப் பாருங்கள், ரீசார்ஜ் முடிந்ததும் வருகிற மெசேஜில் பல நேரம் நம்பரும் இருக்கும். யாராவது உங்களுக்குக் கூகுள் பே, போன்பே வழியாக ரீசார்ஜ் போட்டுவிட்டிருந்தால் அவர்களின் பணப் பட்டியலிலும் கிடைக்கும். வெளிநாட்டில் இருக்கிற மகனிடம் கேட்டால் ஒரு நிமிஷ வேலை. இரண்டாவது வழி, சிம் அட்டையின் முதுகில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கிற நீள எண். இந்திய சிம் என்றால் 8991 என்று தொடங்கும், 19 அல்லது 20 இலக்கம். சிம்மைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்து, கண் தெரியாவிட்டால் இன்னொரு போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். இந்த எண்ணையும், சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவரையும், அவருடைய ஆதாரையும் கூட்டிக்கொண்டு கம்பெனியின் சொந்த சேவை மையத்துக்குப் போங்கள். ஊரில் இருக்கிற ரீசார்ஜ் கடைக்காரரால் இதைப் பார்க்க முடியாது, திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் போனால்தான் நடக்கும். ஆள் இல்லாமல் சிம்மை மட்டும் கொடுத்தனுப்பினால் நம்பரைச் சொல்ல மாட்டார்கள், அது உங்கள் பாதுகாப்புக்காகத்தான்.

கோடு அடிப்பதில் ஒரு அபாயம் உண்டு, இதை வீட்டில் இருக்கிற பெரியவர்களிடம் அவசியம் சொல்லிவையுங்கள். யாரோ போன் செய்து, "உங்க நம்பரைச் சரிபார்க்கணும், நான் சொல்றதை அடிங்க" என்று கோடு சொன்னால் அடிக்கவே கூடாது. `*401*` என்றோ `*21*` என்றோ தொடங்கி, அதன் பின்னால் பத்து இலக்க நம்பர் ஒன்றைச் சேர்த்து அடிக்கச் சொல்வார்கள். அது உங்களுக்கு வருகிற அழைப்பை எல்லாம் அவர்கள் நம்பருக்குத் திருப்பிவிடும் கோடு. வங்கியிலிருந்து ஓடிபியை அழைப்பாகச் சொன்னால் அதுவும் அவர்களுக்குப் போகும். இந்த ஏமாற்று பெருகியதால்தான் `*401#` வழியாக அழைப்பைத் திருப்பும் சேவையை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்திவைக்கும்படி தொலைத்தொடர்புத் துறை கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. உங்கள் சொந்த நம்பரைத் தெரிந்துகொள்வதற்கான எந்தக் கோடிலும் இன்னொருவர் நம்பரைச் சேர்க்கத் தேவை இல்லை, இதை மட்டும் நினைவில் வைத்தாலே ஏமாற மாட்டீர்கள். தெரியாமல் அடித்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால், திருப்பிவிட்டதை எல்லாம் ரத்து செய்ய இதை அடியுங்கள்:

```
##002#
```

அதேபோல `*#06#` அடித்தால் நம்பர் வரும் என்று சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். அதில் வரும் 15 இலக்கம் போன் கருவியின் அடையாள எண், சிம்மே போடாத போனிலும் வரும். போன் திருட்டுப் போனால் போலீஸில் கொடுக்க அது வேண்டியிருக்கும், எழுதி வைத்துக்கொள்ளலாம், ஆனால் உங்கள் நம்பருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

நம்பர் கிடைத்ததும் அதைப் போனிலேயே காண்டாக்டாகச் சேமித்துவிடுங்கள், "என் நம்பர் 1 ஏர்டெல்", "என் நம்பர் 2 பி.எஸ்.என்.எல்." என்று கம்பெனி பெயரோடு. பட்டன் போன் வைத்திருக்கும் ஆச்சிக்கு, பின்பக்க மூடியைக் கழற்றி பேட்டரிக்கு மேலே ஒரு துண்டுத் தாளில் நம்பரை எழுதி ஒட்டிவிட்டால் போதும். ஆனால் சிம்மை மாற்றினால் அந்தத் தாளையும் அன்றைக்கே மாற்றிவிட வேண்டும்.